பூட்டி அனுப்பிய பதில்

ஸ்டோர்க்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைக் கட்டிக் காத்த மனுஷர். எதையும் ஒன்றாகக் கட்டிப் பூட்டி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு வேலை கேட்டு எழுதாத இடமில்லை. ஒருவரும் பதில் போடவில்லை. ஐம்பதைத் தாண்டியவனை எவன் சீந்துவான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் வேலை தேடும் இணையதளம் ஒன்றில் இவர் விவரத்தைப் பார்த்து, ஆளெடுக்கும் பெண் ஒருத்தி மெயில் போட்டாள். நாளை நேர்முகத் தேர்வு. வருவதை இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்கு. காலையிலேயே பதில் அனுப்பிவிட்டார். மதியம் தாண்டியும் அங்கிருந்து மூச்சுப் பேச்சில்லை.

சாப்பிட்ட கையோடு மறுபடி போனை எடுத்தார். மெயில் போயிருந்தது. முகவரி சரி. திரும்பியும் வரவில்லை.

"ஸ்பாம்ல போய் விழுந்திருக்குமோ?" என்றார் மனைவியிடம். அவள் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், அன்று லீவு.

"அவங்க மெயில் பெட்டிய நாம எட்டிப் பார்க்க முடியுமா? அதையே எனக்கு அனுப்புங்க. எங்க விழுதுன்னு பார்ப்போம்."

அனுப்பினார். நேரே ஸ்பாமில் போய் உட்கார்ந்தது.

"இதென்னங்க கூட ஒட்டியிருக்கு?"

"சர்டிபிகேட்டெல்லாம் ஒரே ஜிப் ஃபைலா கட்டி பாஸ்வேர்டு போட்டிருக்கேன். எவனாவது எடுத்துட்டான்னா?"

"அட கடவுளே, இதையுமா பூட்டுவீங்க! உள்ள என்ன இருக்குன்னு தெரியலன்னா மெயில் அத வைரஸ்னு சந்தேகப்பட்டு ஒதுக்காதா? அத எடுத்துட்டு அனுப்புங்க."

இந்த முறை இன்பாக்ஸுக்கே வந்தது. அந்தப் பெண்ணிடமும் இதே கதைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அவர் மறுபடி போனைக் கையிலெடுத்தார்.

"அவங்களுக்கும் இப்படியே இன்னொண்ணு போட்டுடறேன்."

"போடுங்க. அத மட்டும் நம்பி உட்காராதீங்க, இதுவும் அங்கேயே போய் விழுந்தா?"

"அந்தத் தளத்துல மெசேஜ் பண்ணட்டுமா?"

"அத எப்பப் பார்ப்பாங்களோ. பொழுது போயிட்டிருக்கு. மெயிலுக்குக் கீழயே ஆபீஸ் நம்பர் இருக்கு பாருங்க, பேசுங்க."

"கெஞ்சற மாதிரி ஆயிடாது?"

"வர்றேன்னு சொல்றதுல என்னங்க கெஞ்சல்?"

நம்பரைப் போட்டார். பேரைச் சொன்னார். "காலையில பதில் போட்டேன் மேடம். கிடைச்சுதான்னு கேட்கத்தான். நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்."

"பதிலே வரலையே சார். உங்களுக்கு விருப்பமில்லன்னு நெனச்சு அடுத்தவரைக் கூப்பிட இருந்தேன்... ஒரு நிமிஷம்." கீபோர்டு தட்டும் சத்தம். "ஆமா, ஸ்பாம்லதான் கிடக்கு. சரி, நாளைக்கு வாங்க. சர்டிபிகேட்ட கையில கொண்டாங்க."

"அப்பாடா!" என்று மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். அவர் சாயவில்லை. அனுப்பிய மெயில்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். இத்தனை மாதம் எழுதிய ஒவ்வொன்றிலும் அதே பூட்டிய கட்டு.

"எல்லாருக்கும் இதைத்தான் அனுப்பியிருக்கேன்," என்றார். "வயசாயிடுச்சுன்னு வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சேனே. ஒருத்தர் கண்ணுலயும் நான் படவே இல்லையோ என்னவோ."

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.