எமுலேட்டரும் ஒரு நாற்காலியும்

நான் ஆப் செய்யக் கற்றுக்கொண்டது அறிவை வளர்த்துக்கொள்ள அல்ல. உட்காரத்தான்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக ஃபைனல் செக்கிங் வேலை. காலையில் மேசை முன்னால் நின்றால், சாப்பாட்டு நேரம் தவிர, சாயங்காலம் வரை நின்றபடியேதான். இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறமா, பசை வழிந்திருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து, கோளாறு இருந்தால் தாளில் ஒரு கோடு போட வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

கம்பெனியில் என் கைக்கு எட்டுகிற நாற்காலி ஒன்றே ஒன்றுதான், சிஸ்டம் ரூமில். நாங்கள் போட்ட கோடுகளை எண்ணி அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். ஒருநாள் மேனேஜர் அந்தத் தாள்களை விசிறியபடி கத்திக்கொண்டிருந்தபோது, கரஸ்ஸில், தபால் வழியாக, முடித்த பி.சி.ஏ. கொடுத்த தைரியத்தில் வாயை விட்டேன்.

"போன்ல பட்டன் அமுக்குனா அதுவே எண்ணிக்கிற மாதிரி நான் செஞ்சி தர்றேன் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுறத காட்டு. ஓடுச்சின்னா லைனுக்கு டேப்லெட் வாங்கச் சொல்றேன். உன்னையும் சிஸ்டம் பக்கம் மாத்தச் சொல்றேன். அடுத்த மாசம் மொத திங்கக்கெழம எம்.டி. இருப்பாரு."

வீட்டில் இருந்தது என் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். நாலு ஜிபி ராம். தமிழில் வீடியோ போட்டுச் சொல்லித்தந்தவர், "உங்க சிஸ்டம்ல மினிமம் எட்டு ஜிபி இருக்கணும் ஃப்ரெண்ட்ஸ்" என்று சிரித்தபடி சொன்னார். ஃப்ரெண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்கினேன். அதை நிறுவியதும் அது இன்னும் ஒரு மூட்டை ஃபைல்களைக் கேட்டது. புது ப்ராஜெக்ட் திறந்ததும் மறுபடி வேறு எதையோ இறக்க ஆரம்பித்தது. நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு வந்தேன். கீழே நீலக்கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்தது எமுலேட்டர். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்ப் போன். ஆப்பை அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். முதலில் 'விர்ச்சுவலைசேஷன்' ஆன் ஆகவில்லை என்றது. லேப்டாப்பை அணைத்து, உயிர்த்தெழும்போதே ஒரு பட்டனைக் குத்திக்கொண்டிருந்து, பயாஸ் என்ற நீலத்திரைக்குள் போய் ஆன் செய்தேன். பிறகு பொய்ப் போன் வந்தது. கறுப்புத்திரை. வெகுநேரம் கழித்து லோகோ. அதற்கப்புறம், போன் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறீர்களா, மூடட்டுமா என்று ஒரு கேள்வி. காத்திருந்தேன். மறுபடி அதே கேள்வி. இதற்குள் மவுஸ் அம்பும் நின்றுவிட்டது. மூன்றாவது ஞாயிறு அந்தச் சனியனை அழித்தேன். டிஸ்க்கில் இடமாவது மிஞ்சியது.

நிஜப் போன்தான் கதி. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பில்டு நம்பர் என்ற வரியை ஏழு தடவை தட்ட வேண்டும். தட்டினேன். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்றது போன். மூன்று வருஷம் படித்தபோது ஒருவரும் சொல்லாத வார்த்தை. கொஞ்சம் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது.

டெவலப்பருக்கு லேப்டாப்பில் போன் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றுமாம், டேட்டா போகாதாம். போனோடு வந்த பழைய கேபிளைத் தேடி எடுத்துச் செருகினேன். லேப்டாப்பிலிருந்து ஆப் ஏற்ற, யூஎஸ்பி டீபக்கிங்கை அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. தாராளமாக. ரன் அமுக்கினேன். என் போனில் என் ஆப். 'பசை' என்ற பட்டனை அமுக்கினால் ஒன்று, இரண்டு, மூன்று. அட, எண்ணுதே!

திங்கட்கிழமை வந்தது. எங்கள் கம்பெனிக்குள் தொழிலாளிகள் போன் கொண்டுபோகக் கூடாது. புது டிசைன் வெளியே போய்விடுமாம். கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். லேப்டாப்புக்கு மட்டும் மேனேஜர் பாஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டினால் போனையும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதை செக்யூரிட்டி அண்ணனிடம் காட்டினேன், உள்ளே போனேன், மேனேஜர் மேசையில் லேப்டாப்பை வைத்து, கரண்ட் கொடுத்து, போன் கேபிளின் ஒரு முனையைச் செருகினேன். மறுமுனை கையில் தொங்கியது. போன் எங்கே?

பதினோரு வருஷப் பழக்கம். பாஸைக் காட்டிய அதே நேரத்தில் இன்னொரு கை தானாகப் போனைப் பெட்டியில் போட்டு டோக்கனை வாங்கியிருக்கிறது. இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன?

கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி அண்ணன் பாஸை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"லேப்டாப் ஒண்ணுன்னுதானே மா போட்டிருக்கு? போன் எங்க போட்டிருக்கு?"

"எம்.டி.க்குக் காட்டணும்ணா, என் பொழப்பே அதுலதான் இருக்கு!"

"என் பொழப்பு இந்தப் பெட்டில இருக்கு மா."

திரும்பி வந்தபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேப்டாப்லயே காட்ட முடியாதா?" எமுலேட்டர் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? அவர் மேசையில் அவருடைய போன் இருந்தது. ஆபீஸ் ஆட்களுக்கு அனுமதி உண்டு.

"சார், உங்க போனைக் குடுங்க. பில்டு நம்பர்னு இருக்கும், அத ஏழு தபா தட்டுங்க."

தட்டினார். முகம் மலர்ந்தது. "பார்றா, நான் டெவலப்பர் ஆயிட்டேனாம்!"

எனக்கு ஒரு மாதம் ஆனது, அவருக்கு ஏழு தட்டு. டீபக்கிங் ஆன் செய்து, கேபிள் செருகி, அனுமதி கொடுத்து, ரன் அமுக்கினேன். ஆப் அவர் போனில் ஏறியது. கேபிளைப் பிடுங்கியும் ஓடியது. அவர் போனை எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன். நிற்கத்தான் தெரியுமே.

சிரித்தபடி வந்தார். "எம்.டி.க்கு ரொம்பப் பிடிச்சிருச்சி. கலர் வித்தியாசத்துக்கு ஒரு பட்டன் ஜாஸ்தி வேணுமாம். யார் செஞ்சதுன்னாரு. நம்ம டீம்னு சொன்னேன்."

டீமில் இருந்த ஒரே ஆள் தலையாட்டினேன்.

மத்தியானம் அவரே என் மேசைக்கு வந்துவிட்டார், முகம் கடுகடுவென்று. "இன்னா மா பண்ண? பேங்க் ஆப் தொறக்க மாட்டேங்குது! டெவலப்பர் மோடை ஆஃப் பண்ணுன்னு வருது!" ஆஃப் செய்து கொடுத்தேன். பேங்க் திறந்தது. ஒரே தட்டில் அவருடைய டெவலப்பர் பதவி போயிற்று. "இனிமே என் போனைத் தொடாத. வேற எந்த ஸ்டாஃப் போனையும்தான்."

"அப்ப அந்தப் பட்டனை எதுல ஓட்டிப் பாக்கறது சார்? என் போன்தான் வேணும். அது உள்ள வராது."

அவர் யோசித்தார். டேப்லெட் வர மூன்று மாதம் ஆகுமாம். எம்.டி.க்கோ இந்த வாரமே பட்டன் வேண்டும். போன் உள்ளே வரக் கூடாது என்றால் நான் வெளியே போக வேண்டும், அவ்வளவுதானே. சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் கேட்டில், செக்யூரிட்டி அறைக்குள், போன் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியும் போடப்பட்டிருந்தன. சிஸ்டம் ரூமில் ஏசி உண்டு. இங்கே லாரிப் புகை. உட்கார்ந்தேன். கால் இரண்டையும் நீட்டினேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இன்னா மா, ப்ரமோஷனா?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"ஆமாண்ணா, உங்க ரூமுக்கு."

ஷிஃப்ட் மணி அடிக்கும் நேரம். லைன் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனைப் போட்டார்கள். அண்ணன் லாரிக்கு கேட் திறக்கப் போயிருந்தார். என் பக்கத்து மேசையில் பதினோரு வருஷம் என்னோடு நின்றவள் வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், தன் போனை என் லேப்டாப் மேல் வைத்தாள்.

"டெவலப்பர் மேடம், சீக்கிரம் டோக்கன் குடுங்க. நின்னு நின்னு காலு வலிக்குது."

உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தேன்.