காலியிடத்துக்கும் ஒரு முறை

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் எனக்குப் புது வகுப்பு கொடுத்தார்கள். முதல் நாள் இரண்டே பழக்கங்கள். நான் இரண்டு தடவை கைதட்டினால் எல்லாரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்க்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, ரப்பர் கொட்டை கைக்கு வந்ததும் தன் பெயரைச் சொல்லி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஒரு சிறுமி தன் பெயரைச் சொல்லிவிட்டு, கொட்டையைப் பக்கத்துக் காலியிடத்தில் வைத்துக் காத்திருந்தாள்.

"இடம் விடாம நெருங்கி உட்காரும்மா" என்றேன்.

"அண்ணன் இடம் சார்."

அங்கே யாருமில்லை. பேய் விஷயத்தில் நான் பெரிய வீரன். கைகள் தாமாகவே இரண்டு தடவை தட்டிவிட்டன. வகுப்பு கப்சிப்பென்று என்னைப் பார்த்தது. பழக்கம் படிந்துவிட்டது, வாத்தியாருக்குத்தான் வேர்த்தது.

"செத்துட்டானாம்மா?"

"இல்ல சார். சயாம்ல ரயில் பாதை போட ஜப்பான்காரங்க பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க. அவனும் இந்த வகுப்புதான். வந்தா எங்க உட்காருவான்?"

இடத்தை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவன் பேரை நீயே சொல்லிடு" என்றேன். சொன்னாள். கொட்டை நகர்ந்தது.

அந்த ஆண்டு முழுவதும் வருகை எடுக்கும்போது அவன் பெயரையும் கூப்பிட்டேன். பதில் வந்துவிட்டால் என்ன செய்வதென்று தினமும் காலையில் எனக்கு நடுக்கம்தான். அவள் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.