சொல்லாமல் திருத்திய பதினேழு இடங்கள்

எங்கள் அலுவலகம் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பத்திரிகள் கையில் கொடுக்கும் தாள்களைத் தமிழில் தயாரிப்பது எங்கள் வேலை. எந்த மாத்திரை எப்போது, எதைச் சாப்பிடக்கூடாது, எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுவார். பிறகு ஆங்கிலம் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அதைத் தனித் தாளில் குறித்துக் கோப்பில் வைப்போம். கடைசிப் பார்வை என்னுடையது.

போன வருடம் வரை எங்களிடம் வந்த மாணவர்கள் இரண்டு மாதம் ஜெராக்ஸ் எடுத்து, கோப்புகளை அடுக்கி, ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளிக்கு அது உறுத்தியது. ஒழுங்காக ஒரு திட்டம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் ஒரு பக்கத்தில் எழுதினேன். இரண்டு இன்டர்ன்கள், பதினாறு வாரம், மாதாமாதம் உதவித்தொகை. முதல் வாரத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகப்போகும் தாளில்தான் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து நிறை குறைகளைப் பேசி, அதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். முடிவில் தகுதி இருந்தால் ஒருவருக்கு நிரந்தர வேலை. கடைசி விதியை எழுதி அடிக்கோடும் போட்டேன்: வெள்ளிக்கிழமை சொல்லப்படாத குறை எதுவும் இறுதி முடிவில் வரக்கூடாது.

வந்தவர்களில் பையன் மேற்படிப்புக்குப் போகிறவன். அதை முதல் நாளே சொல்லிவிட்டான். அந்த ஒரு நாற்காலி வேண்டியிருந்தது ராயப்பேட்டையிலிருந்து வந்த பெண்ணுக்குத்தான். வீட்டில் உருது, தெருவில் தமிழ். வேகமாக எழுதுவாள். தி.நகரில் ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்கு வேறு வேலையும் காத்திருந்தது. அவர்கள் பதினைந்தாவது வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அலுவலகத்துக்குத் தனி நோட்டு. ஒருமுறை பையன் அவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "மேடம் நோட்ல நம்ம ஜாதகமே கீது மச்சி. நம்ம எப்ப தும்மினோம்னு கூட எழுதிக்கினு இருப்பாங்க." அவள் சிரித்தாள். எனக்கும் அன்று அது பெருமையாகத்தான் இருந்தது.

பதினைந்தாவது வாரம் புதன்கிழமை முதலாளி அவளுடைய கோப்பைக் கேட்டார். நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்தேன். பதினேழு குறைகள். இரண்டு தாள்களில் மாத்திரை அளவு வரியே விட்டுப்போயிருந்தது. மூன்றில் பழைய பதிப்பின் தேதி. ஒன்றில், எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்ற எச்சரிக்கைக் கட்டம் கீழிருந்து மேலே இடம் மாறியிருந்தது. பட்டியலை மேசையில் வைத்தபோது எனக்கு ஒரு நிறைவு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. முதலாளி மயிலாப்பூர்க்காரர், குரலை உயர்த்தாதவர். பட்டியலையும் பதினான்கு வெள்ளிக்கிழமைத் தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"இதுல எத்தனைய அவகிட்ட சொன்னேள்?" என்றார்.

வெள்ளிக்கிழமைத் தாள்களில் 'நன்று' என்று இருந்தது. 'தேதிகளைக் கவனிக்கவும்' என்று ஓரிடத்தில். மற்றதெல்லாம் பாராட்டு.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை ஒரு குறையைச் சொன்னேன், அவள் முகம் வாடியது. இரண்டாவது வாரம் ஐந்து மணிக்குத் தாள் போயாக வேண்டும். திருத்தினால் பத்து நிமிடம், உட்கார்த்திச் சொன்னால் முக்கால் மணி நேரம். அவளைக் கூப்பிடாமல் நானே திருத்தி அனுப்பினேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று. திருத்தியதை நோட்டில் ஒழுங்காக எழுதினேன். எழுதி முடித்ததும் சொல்லிவிட்டது போலவே இருந்தது.

அன்று மாலை என்னால் உட்கார முடியவில்லை. அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர் குளம் வரை நடந்தேன், குளத்தைச் சுற்றினேன், திரும்பவும் நடந்தேன். வீட்டில் நோட்டைத் திறந்து பதினேழையும் மறுபடி எண்ணினேன். குறையவில்லை.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போனது நான் எழுதினது இல்லையா மேடம்?"

பெரும்பகுதி உன்னுடையதுதான் என்றேன்.

"எங்கம்மா அதுல ஒண்ண ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்காங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்காங்க, என் பொண்ணு எழுதினதுன்னு." கையை நீட்டி, "நோட்டக் குடுங்க," என்றாள். மேடம் என்று சேர்க்கவில்லை.

கொடுத்தேன். தன் வரைவுகளையும் அனுப்பிய தாள்களையும் பிரித்து வைத்துக்கொண்டு மதியம் வரை பார்த்தாள். நான் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போவது போல அந்தப் பக்கம் போனேன். பதினாறை ஒப்புக்கொண்டு டிக் போட்டிருந்தாள். எச்சரிக்கைக் கட்டத்தை மட்டும் சுழித்திருந்தாள்.

"இது தப்பு இல்ல. தெருமுனை இஸ்திரிக்காரருக்குப் படிச்சுக் காட்டினப்போ அவர் கடைசிக் கட்டத்துக்கு வர்றதுக்குள்ள போதும்மான்னுட்டார். அதான் மேல போட்டேன். படிச்சுக் காட்டின ஷீட்ல எழுதியிருக்கேனே. நீங்க பாக்கலியா?"

அந்தத் தாள் கோப்பில் தேதி வரிசையில் சரியான இடத்தில் இருந்தது. நான்தான் துளையிட்டுக் கோத்திருந்தேன். படிக்கவில்லை. மூலத்தில் கட்டம் கீழே இருந்ததால் கீழே கொண்டுபோயிருந்தேன். அன்றே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு கட்டத்தை மேலே ஏற்றிய தாளை மறுபடி அனுப்பினோம்.

முதலாளியின் முடிவு இரண்டு பக்கமும் வெட்டியது. விதிப்படி அந்தக் குறைகளைச் சொல்லி அவளைத் தள்ள முடியாது. ஆனால் அளவு வரி விடுபடும் கையில் தாளை முழுசாக ஒப்படைக்கவும் முடியாது. திருத்திக்கொள்வாளா என்று பார்க்க நாம் வாய்ப்பே கொடுக்கவில்லை. எனவே உதவித்தொகையோடு இன்னும் நான்கு வாரம், அதன்பின் முடிவு. நான்கு வாரம் கழித்து இல்லை என்றாகிவிட்டால் தி.நகர் வேலையும் போயிருக்கும். அவளிடம் அதையும் மறைக்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவள் என் மேசைக்கு வந்தாள். "இருக்கேன் மேடம். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க வேணாம். அன்னிக்கு தப்ப அன்னிக்கே சொல்லணும், திருத்துறதும் நான்தான் திருத்தணும். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை தி.நகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு அவள் தாளில் 'உணவுக்கு முன்' என்ற குறிப்பு விட்டுப்போயிருந்தது. பேனா கையில் இருந்தது. ஒரு வரிதான். எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தாள் ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னேன். இந்த வேலையில் அப்படி நான் சொன்னது அதுவே முதல் முறை. பிறகு அவளைக் கூப்பிட்டேன். அவள் முகம் வாடியது. வாடினாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இனிமேல் மூலத்தில் முதலில் எண்களையும் நேரங்களையும் வட்டமிட்டுக்கொண்டு தொடங்கலாமா என்று கேட்டாள். அந்த வழி எனக்குத் தோன்றியதில்லை. நீட்டித்த நான்கு வாரங்களில் கடைசி இரண்டில் அளவோ நேரமோ ஒன்றும் விடுபடவில்லை. நிரந்தர வேலைக்கான கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன்.

இப்போது அவள் என் எதிர் மேசையில் உட்காருகிறாள். தாள் என் கடைசிப் பார்வைக்கு வராமல் அவள் மேசையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆறு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கியதும் மறுநாள் போக வேண்டிய தாள்கள் உள்ள அவள் கோப்பை என் கை தேடுகிறது. எடுத்துப் பார்ப்பேன். ஏதாவது கண்ணில் பட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு ஓடி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தெருவில் அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேன்.