ஒன்பது நாள் நின்ற தபால்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ரேணுகாம்பாளைத் தெரியாதவர் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் இறந்தபின் வாரிசு வேலையில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிரிவு பிரிவாகத் தபால் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. இத்தனை வருஷத்தில் அன்றைய தபால் ஒன்றுகூட அவள் கையில் மறுநாளைப் பார்த்ததில்லை. எந்த குமாஸ்தாவின் மேஜையில் காகிதம் தூங்கினாலும், "இன்னா சார், இதுக்குத் தொட்டில் கட்டட்டுமா?" என்று கேட்டுவிடுவாள்.

அவள் படிக்கவைத்த தம்பி கலையரசன் ஊரிலேயே ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். பெங்களூரிலிருந்து வரும் ஓர் ஆய்விதழின் மதிப்பாய்வாளர் குழுவில் நான்கு வருஷமாக அவன் பெயர் இருந்தது. கட்டுரைகள் தபாலில் வரும். படித்து, போடலாம், திருத்திப் போடலாம், வேண்டாம் என்று காரணத்தோடு எழுதி நான்கு வாரத்தில் அனுப்ப வேண்டும். யார் பார்த்தது என்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. எழுதியவருக்குத் தெரியவில்லைதான்; கலெக்டர் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"எங்க தம்பி சரின்னாத்தான் புத்தகத்துல ஏறும்" என்பாள் ரேணுகாம்பாள்.

1998 பிப்ரவரியில் ஒரு காலை கலையரசன் ஒரு கவரை நீட்டினான். "அக்கா, போற வழியில ரெஜிஸ்டர் பண்ணிடு. அந்தக் குழுவுல இருந்து என் பேரை எடுத்துடச் சொல்லி எழுதியிருக்கேன்."

"எதுக்குடா?"

"வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. என்.எஸ்.எஸ். கேம்ப். இருநூறு விடைத்தாள். முடியலக்கா."

"முடியலன்னா மெடிக்கல் லீவு போடு. எவனாவது வேலையை விடுவானா?"

"அது வேலை இல்லக்கா. சம்பளமே கிடையாது."

"சம்பளம் இல்லன்னா வேலை இல்லியா? அப்ப நான் வீட்ல பண்றதுக்குப் பேர் இன்னாடா?"

தம்பி கல்லூரிக்குக் கிளம்பினான்.

கவர் அவள் கைப்பைக்குள் போனது. போன இடத்திலேயே இருந்தது. முதல் நாள் ராகுகாலம். மறுநாள் ஏதோ மறதி. பௌர்ணமிக்கு கிரிவலக் கூட்டத்தில் போஸ்ட் ஆபீஸ் பக்கமே போக முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடைத்தாள் முடிந்தால் தம்பி மனசு மாறிவிடும் என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு.

ஒன்பதாம் நாள் பெங்களூரிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே புதுக் கட்டுரை ஒன்று, பழைய கட்டுரைக்கு நினைவூட்டல் கடிதம் ஒன்று.

கலையரசன் தலையைச் சொறிந்தான். "லெட்டர் இந்நேரம் சேர்ந்திருக்கணுமே. பார்த்துமா புதுசு அனுப்புறாங்க? அக்கா, ரசீது எங்க?"

ரேணுகாம்பாள் கைப்பையைத் திறந்து கவரையே எடுத்து வைத்தாள்.

அவன் கத்தவில்லை. பீரோ மேலிருந்த பழைய கட்டுரையை எடுத்துத் தூசி தட்டினான். "தார்வாட்ல ஒரு பொண்ணு எழுதினது. இது அச்சுல வந்தா, அடுத்த இண்டர்வியூவுல காட்டலாம்னு காத்துனு இருக்கும். ரெண்டு மாசமா நம்ம பீரோ மேல கிடக்குது. நான் விலகிட்டா வேற யாராவது சீக்கிரம் பார்ப்பாங்கன்னுதான் எழுதினேன்."

"அப்ப இது பெண்டிங்கா?"

"பெண்டிங்தான்."

கலெக்டர் ஆபீசில் யாரையெல்லாம் என்னென்ன கேட்டிருக்கிறாள் என்பது வரிசையாக நினைவுக்கு வந்தது. காது சூடாகிவிட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அந்தப் பொண்ணோடதை மட்டும் பார்த்துக் குடுத்துடுடா. புதுசைத் திருப்பி அனுப்பிடலாம். நான் காவல் இருக்கேன்."

மறுநாள் காலையிலேயே கதவைத் தாழிட்டாள். கேபிள் பணத்துக்கு வந்தவனை ஜன்னல் வழியாகவே அனுப்பினாள். தம்பி மனைவி தேவிப்ரியா குக்கர் வைக்கப்போனதற்கும், "விசில் வராத சமையலா பண்ணும்மா" என்றாள். சாயங்காலத்துக்குள் அறிக்கை முடிந்தது. விலகல் கடிதத்தையும் அவன் புதிதாக எழுதினான்.

திங்கட்கிழமை போஸ்ட் ஆபீஸ் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். ஒப்புகை அட்டையையும் கேட்டு வாங்கி இணைத்தாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கலையரசன் படித்துச் சொன்னான்: "நன்றி சொல்லியிருக்காங்க. அடுத்த இதழ்லேர்ந்து பேர் இருக்காது. எனக்குப் பதிலா ரெண்டு பேரைச் சொல்லியிருந்தேன். அதுல ஒருத்தரைக் கேட்டிருக்காங்களாம்."

"நீ சொன்ன ஆளையா?"

"சும்மா ஒரு யோசனைதான்க்கா. முடிவு எடிட்டரோடது."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் ஆபீசில் மூர்த்தி என்ற குமாஸ்தா, "இன்னாம்மா, தம்பி இன்னும் ரெவியூ பண்றாரா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப இல்ல சார்" என்றாள் ரேணுகாம்பாள், தபால் புத்தகத்தை அவர் முன் விரித்தபடி. "பண்றவங்களைப் போடுறதே இப்ப அவன்தான். கையெழுத்து போடுங்க."