இருபத்திரண்டாம் நாள் போஸ்ட்

பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஒரு பேப்பர். அதில் பாதி மதிப்பெண் ஒரு ப்ராஜெக்டுக்கு. மூன்று பேர் சேர்ந்து, உண்மையாக நடக்கிற ஒரு தொழிலுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி, நான்கு வாரம் நடத்திக் காட்ட வேண்டும். எந்த நாள் என்ன போஸ்ட், எத்தனை மணிக்கு, அது பலித்ததா இல்லையா என்பதை எதை வைத்து அளப்போம் என்று எல்லாம் முன்கூட்டியே ஒரு காலண்டராகப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

காலண்டர் என் பொறுப்பு. எனக்குக் கட்டம் போடுவது என்றால் உயிர். வீடியோ எடுக்க ஒருவன் இருந்தான். வகுப்பில் அவனுக்கு ரீல்காரன் என்றே பெயர். மூன்றாமவள் என் தோழி, திருவையாறு பக்கத்துக் கிராமத்தவள். தொழிலும் அவள் வீட்டுடையதுதான். அவளுடைய அம்மா நடவு மெஷினுக்கான பாய் நாற்று வளர்த்து விற்பவர். பிளாஸ்டிக் விரிப்பில் மண் பரப்பி, விதை தூவி, நாற்று வந்ததும் பாயாகச் சுருட்டி வண்டியில் ஏற்றி அனுப்புவார்.

நான் அவரிடம் போய் லேப்டாப்பைத் திறந்து கதை அளந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதல் வாரம் மக்களுக்கு நம்மைத் தெரிய வைப்போம், இரண்டாம் வாரம் நம்பிக்கை, மூன்றாம் வாரம் பேச்சுக் கொடுப்போம், நான்காம் வாரம் விற்பனை. வாரத்துக்கு ஒரு வண்ணம். அவர் அந்த வண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக எட்டு ஏக்கருக்கு நாற்று விடுகிறவர், எங்களை நம்பி அந்தச் சம்பாவுக்கு இருபது ஏக்கருக்கு விதைத்துவிட்டார். விதை தூவியதைத்தான் முதல் நாள் போஸ்டாகப் போட்டோம்.

போஸ்ட் பறந்தது! நூற்று நாற்பது லைக். மூவரும் வராந்தாவில் குதித்தோம். அடுத்த வாரம், யார் எப்போது பார்க்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராமே கணக்குக் காட்டும் இன்சைட்ஸைத் திறந்தால், எங்களைப் பின்தொடர்கிறவர்கள் மிக அதிகமாக ஆப்பில் இருக்கும் நேரம் காலை பதினொன்றேகால் சுமார் என்று காட்டியது. எவ்வளவு துல்லியம் என்று பூரித்துப்போய், எல்லா போஸ்டையும் பதினொன்றேகாலுக்கே மாற்றினேன்.

பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நாற்றைப் படம் எடுக்க மூவரும் வயலுக்குப் போயிருந்தோம். பச்சைப் பசேல் என்று அப்படி ஒரு அழகு. ரீல்காரன் வரப்பில் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தோழியின் அம்மா என்னிடம் வந்தார்.

“இன்னும் ஒருத்தரும் போன் பண்ணலையேம்மா?”

“நம்பரே இன்னும் போடல ஆண்ட்டி. நாலாவது வாரம்தான் சேல்ஸ். இருபத்திரண்டாம் நாள் போடுவோம்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “பதினெட்டு நாளைக்கு மேல போனா நாத்து மெஷின்ல ஏறாதும்மா. இருபத்திரண்டாம் நாளு மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்.”

வழக்கமாக வாங்குகிறவர்களுக்குப் போக மீதிப் பன்னிரண்டு ஏக்கர் நாற்று என் நான்காவது வண்ணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தோழியைத் திரும்பிப் பார்த்தேன்.

“என்னைய ஏன்டி பாக்கற? நான் கேப்ஷன்தான பாத்தேன்” என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நாற்றுக்காரி மகள், டீச்சர் வீட்டுப் பெண், மெக்கானிக் மகன் என்று மூன்று பேர் உட்கார்ந்து போட்ட திட்டத்தில், நாற்றுக்கு வயது உண்டு என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விற்பனை போஸ்டை அன்றைக்கே இழுத்து வைத்தேன். நேரம்? வழக்கம்போல் பதினொன்றேகால். சரியாகப் பதினொன்றேகாலுக்கு இன்டர்வெல் மணி அடித்தது. வகுப்பில் அறுபது தலையும் ஒன்றாகக் குனிந்தன, அறுபது கையிலும் போன். முன் பெஞ்சுக்காரி எங்கள் போஸ்டுக்கு லைக் போட்டுவிட்டுத் திரும்பி, “போட்டாச்சு, நீயும் எங்க பேஜுக்குப் போடு” என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. குழுக்களுக்குள் ஒருவருக்கொருவர் லைக் போடுவது என்று முதல் நாளே ஒப்பந்தம். ஜூனியர்களையும் இழுத்துப் போட்டிருந்தோம். இரண்டு வாரமாக நான் அளந்தது எங்கள் காலேஜ் இன்டர்வெல்லை! பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்துக்கொண்டே பெஞ்சின் மேல் ஏறினேன்.

“லைக்கே வேணாம்! உங்க வீட்ல யாருக்கு வயல் இருக்கு, கை தூக்குங்க!”

பாதி வகுப்பு கை தூக்கியது. டெல்டாவில் வேறென்ன இருக்கும்? அப்பா, மாமா, பெரியப்பா, குத்தகைக்கு எடுத்த சித்தப்பா. இத்தனை பேரை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக இதயம் மட்டும் அழுத்தச் சொல்லியிருக்கிறேன். ரீல்காரன் பாட்டு, எஃபெக்ட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பதினைந்து நொடி வீடியோ ஒன்று வெட்டினான்: ஒரு கை நாற்றுப் பாயைச் சுருட்டுகிறது, நாற்றின் வயது, ஊர், போன் நம்பர். அவ்வளவுதான். செவ்வாய் காலை ஐந்தரைக்கு, டீக்கடை கூடுகிற நேரத்துக்கு, எல்லோரும் தங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள்.

காலண்டரில் ‘மாற்றம், காரணம்’ என்று ஒரு பத்தி உண்டு. திட்டத்தை மாற்றினால் காரணம் எழுதாமல் ப்ராஜெக்ட் சார் விடமாட்டார். ‘நாற்று வளர்ந்துவிட்டது’ என்று எழுதினேன்.

ஆறு மணிக்கு முதல் அழைப்பு. ஒவ்வொருவரிடமும் “எங்க பாத்தீங்க?” என்று கேட்கச் சொல்லி தோழியின் அம்மாவிடம் மன்றாடியிருந்தேன். மோட்டார் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். வாட்ஸ்அப்புக்குக் கீழே கோடு மேல் கோடு. டீக்கடையில் யாரோ காட்டியது என்று நான்கைந்து. இன்ஸ்டாகிராமுக்குக் கீழே சுவர் சுத்தமாக இருந்தது. ரிப்போர்ட்டில் அதையும் அப்படியே படம் பிடித்து ஒட்டினோம்.

புதன் சாயங்காலம் இன்னும் ஆறு ஏக்கர் நாற்று பாக்கி. வியாழன் பதினெட்டாம் நாள். நான் வகுப்பைக் கட் அடித்துவிட்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தோழி மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசாமலே ஒரு பாயைச் சுருட்டி என் தலையில் ஏற்றினாள். சேற்றுத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. நான் கத்தினேன், அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். ரீல்காரன் சறுக்கி உட்கார்ந்தே விட்டான். ஒரு வண்டி போனது, இன்னொன்று வந்தது. குத்தாலத்திலிருந்துகூட ஒருவர் டாட்டா ஏஸ் கொண்டுவந்தார்.

பதினொரு மணிக்கு மேல் கடைசி வண்டி மேட்டில் ஏறிப் போயிற்று. விரிப்பு மட்டும் கிடந்தது, சேறும் நான்கைந்து அறுந்த வேருமாக. தோழியின் அம்மா அதைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. அவர் எடுக்காமல் என் கையில் கொடுத்தார். “நீயே சொல்லு.”

“ஹலோ, நாத்து இருக்காம்மா? நாலு ஏக்கருக்கு வேணும்.”

“இல்லைங்க” என்றேன். “சுத்தமா இல்லைங்க! ஒரு பாய்கூட இல்லைங்க! எல்லாம் தீந்துபோச்சுங்க!”

“இல்லேன்னா இல்லேன்னு சொல்லும்மா” என்றார் அந்த மனிதர். “அதுக்கு ஏம்மா இப்படிச் சிரிக்கற?”