காரை எடுத்த பின்

மாவனல்லைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில், இறப்பர் பால் உறைந்த சீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூட்டு வேலைக்குக் கன்னையாவை விட்டால் ஆளில்லை என்பார்கள். நெருப்புக்குப் பயப்படாத மனிதர். அவர் பயந்தது தன் வாய்க்கு மட்டும்தான்.

காரணம் அவருடைய அண்ணன். அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. வெற்றிலை போடுகிறவனுக்குப் பல் ஆடாதா என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கன்னத்தில் புண் வந்தது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பெட்டியில்தான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் கன்னையாவுக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. அவரும் புகையிலை வைத்து வெற்றிலை போடுகிறவர்தான். மனைவி வெள்ளையம்மா விடாமல் நச்சரித்து, அவரை அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்கு அனுப்பி வைத்தாள்.

அங்கே டொக்டர் ஸாஹிரா ஒரு கருவியை வைத்துக் கீழ்ப் பற்களின் பின்பக்கம் சுரண்டினார். கறுத்த கல்போல ஏதோ பெயர்ந்து பெயர்ந்து வந்தது. கருவி கீச்சிட, வாயெல்லாம் தண்ணீரும் ரத்தமுமாக நிரம்பியது. கடைசியில் சுழலும் சிறு ரப்பர்க் கிண்ணத்தில் பசையைத் தொட்டுப் பற்களைத் தேய்த்தார். வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. "ஹரி, தென் யன்ன" என்று, போகலாம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி உதவியாள் கதவைத் திறந்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கன்னையாவின் நாக்கு கீழ்ப் பற்களைத் தேடிப் போனது. முன்பு சுவர்போல இருந்த இடத்தில் சந்துகள். காற்று உள்ளே புகுந்து கூசியது. நாக்கால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். பல் ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடியது.

அண்ணனுக்கும் இப்படித்தானே தொடங்கியது?

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சோற்றைக் கரைத்துக் குடித்தார். வெற்றிலைப் பையை ஆணியில் மாட்டியவர், அதன் பக்கம் திரும்பவில்லை. வேலைக்குப் போனாலும் சீட் கருகுவதைக்கூடக் கவனிக்காமல், புகைக்கூட்டு மூலையில் நின்று விரலால் பல்லை அசைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக ஆடுவதாகத் தோன்றும். ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு, "அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றார். அந்தப் பிள்ளை பயந்துபோய் அம்மாவிடம் ஓடியது.

வெள்ளையம்மா வந்து முன்னால் நின்றாள். "என்னங்க ஒளிக்கிறீங்க?"

கன்னையாவின் வாய் கோணியது. "பல்லெல்லாம் ஆடுது புள்ள. அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும். அந்தம்மா சுரண்டிக் கிளப்பிவிட்டிருச்சு. நான் மகரகமைக்குப் போறேன்."

"போவீங்க. மொதல்ல சுரண்டினவங்ககிட்ட கேப்போம்."

டொக்டர் ஸாஹிரா அவரைக் கண்டதும் நாற்காலியில் உட்காரவைத்தார். டொக்டர் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, கடைவாய் எல்லாவற்றையும் வெளிச்சம் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளையம்மா பிள்ளையாரை வேண்டிக்கொண்டே நின்றாள்.

"புண் ஒண்டும் இல்ல. கட்டியும் இல்ல," என்றார் டொக்டர்.

"அப்ப ஏன் ஆடுது?"

"பல்லெல்லாம் முன்னமே ஆடத் தொடங்கிட்டுது. ஈறுக்குள்ள பல்லப் புடிச்சிருக்கிற எலும்பு வருஷக்கணக்கா கரைஞ்சிருக்கு. ஆனா பல்லுல படிஞ்ச அழுக்கு, காரை எண்டு சொல்றது, கல்லாகி, பல்லுக்குப் பல் சேத்துப் பூசின மாதிரி இருந்ததால உங்களுக்குத் தெரியல்ல. நான் எடுத்தது அந்தக் கல்லத்தான், பல்லயில்ல. வீங்கின ஈறும் இப்ப வத்தியிருக்கு. அதான் சந்து தெரியிது, கூசுது. அண்டைக்கே சொல்லியிருக்கோணும். ஆக்கள் கூட்டம், சொல்லாம விட்டேன். பிழைதான்."

"திரும்ப இறுகுமா?"

"ஈறு ஆறினா கொஞ்சம் இறுகும். கரைஞ்ச எலும்பு திரும்பி வராது. கீழ இருக்கிற ஒரு பல்லு மட்டும் கடைசிவரைக்கும் நிக்குமெண்டு சொல்ல ஏலாது."

"அந்த ரப்பரால தேச்சது?"

"அது வெத்தலைக் கறைக்கு. பல்லு வழுவழுப்பா இருந்தா அழுக்குச் சுறுக்கா ஒட்டாது. அவ்வளவுதான். ஆனா தினமும் துலக்காட்டி திரும்பவும் கல்லாகும். ஈறு நல்லா இருக்கிற ஆளுக்கு வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டினாலும் போதும். உங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஈறு தேறினா பொறகு ஆறு மாசம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "நீங்க பயப்படுற வருத்தத்துக்கு வழி புகையிலையும் பாக்கும்தான். காரை எடுக்கிறதால அது வாறதில்ல."

பஸ் ஏறியபோதும் கன்னையாவுக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் எதற்குப் பயப்படவேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்தபோது ரத்தம் நின்றிருந்தது; பெரும்பாலான பற்கள் ஓரளவு இறுகியிருந்தன. டொக்டர் சொன்ன அந்தக் கீழ்ப் பல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்து, சில வருஷங்களுக்குப் பிறகு கழன்றது. அன்றைக்கும் கன்னையா வெளிறிப்போனார். வெள்ளையம்மாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, வாயைத் திறந்து காட்டி, புண்ணில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.