டீக்கறை படிந்த படம்

காலை பத்தே கால். முதலில் கண்ணில் பட்டது படத்திலிருந்த டீக்கறை.

தேயிலை விலை விழுந்த வருடம். ஊட்டியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஸ்கேனர் என் பொறுப்பு. திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் நடுவட்டம் தேயிலைத் தோட்டத்து அம்மாள் ஒருவர், தீப்பெட்டி அளவுப் படத்தைக் கொடுத்தார். அவர் அப்பாவின் ஒரே படம். பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம்.

கறுப்பு வெள்ளைதானே என்று நிறமில்லாமல், அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி மட்டும் பதியும் முந்நூறு டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கறையும் கன்னமும் ஒரே கறுப்பாகிவிட்டன.

"எங்கப்பா மொகத்துல கரியப் பூசிட்டீங்களே தம்பி!" என்று சிரித்தார்.

மறுபடி கலரில், ஆயிரத்து இருநூறு டிபிஐயில், நுணுக்கம் குறையாத டிஃப் கோப்பாக எடுத்தேன். கம்ப்யூட்டரில் அதன் சிவப்பு நிறப் பதிவை, அதாவது சிவப்பு சேனலை மட்டும் பார்த்தபோது, செம்பழுப்புக் கறை வெளிறி ஏறக்குறைய மறைந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி மிஞ்சியது. அழிக்கப் போனேன்.

"அது மச்சம். விட்டுருங்க தம்பி."

எட்டு அங்குல உயரத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன். இரண்டு மணி திருப்பூர் பஸ்ஸில் போனார்.